பட்டறை மெஷின்களுக்கு ரிசர்வ் விலை: ஏலம் போகாவிட்டால் மறுநாள் காலை என்ன செய்வீர்கள்?

கேள்வி: "கோவை கணபதியில் அப்பா 26 வருடம் நடத்திய ஜாப் ஒர்க் பட்டறையை மூடுகிறோம். ஷெட்டை மூன்று மாதத்தில் காலி செய்து கொடுக்க வேண்டும். ஒரு எச்எம்டி லேத், மில்லிங் மெஷின், ரேடியல் டிரில், கியர் ஹாபிங் மெஷின், அப்புறம் 2011இல் 22 லட்சத்துக்கு வாங்கிய ஒரு விஎம்சி, அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மில்லிங் மெஷின், இருக்கின்றன. மதிப்பீட்டாளர் எல்லாம் சேர்த்து 18 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார், அதில் விஎம்சி மட்டும் 7 லட்சம். ஒரு டீலர் மொத்தமாக 11 லட்சம் தருகிறேன் என்கிறார். ஆன்லைனில் ஏலம் நடத்துபவர் ரிசர்வ் விலையைக் கேட்கிறார். அதிகம் வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள், குறைத்து வைத்தால் அடிமாட்டு விலைக்குப் போய்விடும் என்று அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. எந்த விலையை வைப்பது?"

பதில்:

உங்களிடம் இருக்கும் 18 லட்சத்தையும் 11 லட்சத்தையும் ஒரு நிமிடம் ஓரமாக வையுங்கள். ரிசர்வ் விலையை முடிவு செய்ய வேறொரு கேள்வியில் இருந்து தொடங்க வேண்டும். ஏலத்தன்று மாலை அந்த மெஷின் போகவில்லை என்றால், மறுநாள் காலை அதை என்ன செய்வீர்கள்? அப்படிச் செய்தால் எல்லாச் செலவும் போக உங்கள் கையில் எவ்வளவு நிற்கும்? அந்தத் தொகைதான் ரிசர்வ். அதற்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் "வேண்டாம், மெஷினை நானே வைத்துக்கொள்கிறேன்" என்று நஷ்டமில்லாமல் சொல்ல முடிகிற இடம் அது.

பெரும்பாலான குடும்பங்கள் ரிசர்வ் என்றதும் தங்களுக்கு வர வேண்டிய விலையை எழுதிவிடுகிறார்கள். எதிர்பார்ப்பு வேறு, ரிசர்வ் வேறு, ஏலம் தொடங்கும் விலை வேறு. எதிர்பார்ப்பை ரிசர்வாக எழுதினால் ஏலம் நின்றுவிடும். தொடக்க விலையையே ரிசர்வாக நினைத்தால் மலிவாகப் போய்விடும். உங்கள் அப்பாவின் இரண்டு பயங்களும் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில் இருந்து வருபவை.

மதிப்பீட்டாளரின் அறிக்கையில் முதலில் ஒன்றைத் தேடுங்கள்: எந்த அடிப்படையில் அந்த மதிப்பு போடப்பட்டது? ஓடிக்கொண்டிருக்கிற பட்டறையில், மின்இணைப்போடு, அஸ்திவாரத்தில் நின்றபடி அந்த மெஷின் தொடர்ந்து உழைக்கும் என்று வைத்துப் போட்டால் ஒரு மதிப்பு வரும். நிதானமாக ஆறு மாதம், ஒரு வருடம் தேடி விற்றால் வருகிற மதிப்பு அதைவிடக் குறைவு. குறிப்பிட்ட தேதிக்குள் காலி செய்தாக வேண்டும் என்கிற நிலையில் விற்றால் இன்னும் குறைவு. வங்கிக் கடனுக்காகவோ காப்பீட்டுக்காகவோ எழுதப்பட்ட அறிக்கையில் உள்ள மதிப்பு ஏலத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம். உங்கள் 7 லட்சம் எந்த வகை என்று அவருக்கே போன் செய்து கேளுங்கள், நேர்மையான மதிப்பீட்டாளர் தயங்காமல் சொல்லிவிடுவார். ஏலத்துக்கு அந்த மூன்றாவது மதிப்பு மட்டும்தான் ஓரளவு துணை.

வாங்கின விலையும் கணக்குப் புத்தக விலையும் அந்தத் துணைக்குக்கூட ஆகாது. 22 லட்சத்தில் இருந்து வருமான வரிக் கணக்குப்படி ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால், 14 வருடத்தில் அது ஏறக்குறைய 2.26 லட்சமாக நிற்கும். வாங்க வருபவருக்கு அந்த 22ம் தெரியாது, 2.26ம் தெரியாது. இதே அளவுள்ள இன்னொரு விஎம்சி வேறெங்கே என்ன விலைக்குக் கிடைக்கிறது, இதை ஓட வைக்க எவ்வளவு செலவாகும் என்ற இரண்டு மட்டுமே அவர் மனதில் ஓடும்.

டீலரின் 11 லட்சம் உண்மையிலேயே பயனுள்ள எண். ஆனால் இப்போது இருக்கிற வடிவத்தில் அதை நம்பி எதையும் செய்யாதீர்கள். அது மொத்தத்துக்குச் சொன்ன விலை. ஏலத்தில் லேத்தும் மில்லிங்கும் போய்விட்டு விஎம்சி மட்டும் நின்றுவிட்டால் அந்த 11 லட்சம் அன்றே செத்துவிடும். மீதி இருப்பதற்கு அவர் புது விலை சொல்வார். அதுவும் ஏலத்தில் விலை போகாத மெஷின் என்று தெரிந்த பிறகு சொல்வார். அதனால் அவரிடம் மெஷின் வாரியாக விலை கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். ஏலத் தேதிக்குப் பிறகு பத்து நாளாவது செல்லும் என்று தேதி போட்டுக் கேளுங்கள். முடிந்தால் சிறு டோக்கன் அட்வான்ஸோடு கேளுங்கள். "ஏலம் வைக்கப் போறீங்களா, அப்ப நான் வரல" என்று அவர் பின்வாங்கினால், அந்த 11 லட்சம் வெறும் வாய்வார்த்தை என்று இப்போதே தெரிந்துகொண்டது நல்லதுதான்.

விஎம்சியையே எடுத்து முழுதாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் வைக்கும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக. உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

டீலர் விஎம்சிக்கு மட்டும் 4.60 லட்சம் என்று எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். ஏலம் போகாவிட்டால் உங்களுக்கு இருக்கிற முதல் வழி இது. எடுத்துச் செல்லும் செலவும் அவருடையது.

இரண்டாவது வழி, மெஷினை ஒரு குடோனுக்கு மாற்றி வைத்து மூன்று மாதம் கழித்து மறுபடி விற்பது. ஹைட்ரா கிரேன், டிரெய்லர், இறக்குகூலி எல்லாம் 40,000. குடோன் வாடகை மாதம் 12,000 என்றால் 36,000. பிறகு நல்லபடியாக 6 லட்சத்துக்கு ஏலம் போகிறது, ஏலக்காரர் கமிஷன் 5 சதவீதம் என்றால் 30,000. எல்லாம் போக கையில் 4.94 லட்சம். ஆனால் குடோனில் மூன்று முனை மின்சாரம் இருக்காது. ஓடாத மெஷினைப் பார்த்து யாரும் முழு விலை கேட்க மாட்டார்கள். 5.25 லட்சத்துக்கே போனால் அதே செலவுகளும் 26,250 கமிஷனும் போக மிஞ்சுவது 4.22 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று வைத்தால் சராசரி ஏறக்குறைய 4.58 லட்சம். மூன்று மாத அலைச்சலுக்கும் துருவுக்கும் நான் இன்னும் கணக்கே போடவில்லை.

இரண்டு வழிகளில் எது அதிகமோ அதுதான் உங்கள் அடிமட்டம். இங்கே அது டீலரின் 4.60. இது கைக்கு வரும் தொகை. ஏலத்தில் வரும் தொகையில் 5 சதவீதம் கமிஷன் போய்விடும் என்பதால், 4.60ஐ 0.95ஆல் வகுத்தால் 4.84 சொச்சம் வரும். ரிசர்வ் 4.85 லட்சம். மதிப்பீட்டாளரின் 7 லட்சத்துக்கும் இதற்கும் இடையே உள்ள 2.15 லட்சத்தை ஏலம்தான் முடிந்தவரை மேலே தள்ள வேண்டும், உங்கள் பேனா அல்ல. கமிஷன் உங்களிடமா வாங்குபவரிடமா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். சில ஏலக்காரர்கள் போகாத மெஷினுக்கும் கட்டணம் வாங்குவார்கள். அப்படி ஒரு விதி இருந்தால், போகாவிட்டால் கட்ட வேண்டிய அந்தத் தொகையை அடிமட்டத்தில் இருந்து கழித்துவிட்டு வகுக்க வேண்டும்.

"சரி, அஞ்சரை என்று வைத்துப் பார்ப்போமே, வந்தால் வரட்டும்" என்று வீட்டில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. உண்மையாக வாங்கும் எண்ணமுள்ளவர் ஒரே ஒருவராக இருந்தால், அவரை மேலே இழுக்கப் போட்டியாளர் யாரும் இல்லை, ரிசர்வ்தான் இழுக்க வேண்டும். பொருளாதாரத்தில் ஏலங்களை ஆராய்ந்த ரோஜர் மயர்சன் 1981இல் காட்டியதும் இதை ஒட்டியதுதான். விற்பவர் தன் அடிமட்டத்துக்கு மேலே ரிசர்வ் வைப்பது சராசரியில் லாபம், ஆனால் சில தடவை பொருள் போகாமல் நிற்பதை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு நூறு மெஷின் விற்கும் நிறுவனத்துக்கு அந்தச் சராசரி கைக்கு வந்துவிடும். ஒரே ஒரு விஎம்சியை, காலி செய்யும் தேதியை வைத்துக்கொண்டு விற்கும் உங்களுக்கு அது வராது. அதனால் சின்ன ஏற்றம் போதும் என்பேன். 4.85ஐ 5 லட்சம் ஆக்கலாம். அதற்கு மேல் போகாதீர்கள்.

அதைவிட முக்கியமானது, 1996இல் ஜெரமி புலோவும் பால் கிளெம்பெரரும் கணக்குப் போட்டு நிரூபித்தது. ரிசர்வ் விலையை எவ்வளவு சாமர்த்தியமாக வைத்தாலும், அதில் கிடைக்கும் லாபத்தைவிட ரிசர்வே இல்லாமல் கூடுதலாக ஒரே ஒரு போட்டியாளரை உள்ளே கொண்டுவருவது சராசரியில் அதிகம் தரும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. வருபவர்கள் ஒருவரோடு ஒருவர் உண்மையிலேயே போட்டியிட வேண்டும். சிண்டிகேட் போட்டுக்கொண்டு வந்தால், பத்து பேர் உட்கார்ந்திருந்தாலும் கேட்பது ஒருவர்தான். பழைய மெஷின் சந்தையில் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் ரிசர்வே வேண்டாம் என்று உங்களிடம் சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் அடிபட்ட அனுபவம் எனக்கு உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு ஹாரிசான்டல் போரிங் மெஷினுக்கு உரிமையாளர் 9 லட்சத்துக்குக் குறைய மாட்டேன் என்றார். நானும் அதையே எழுதி ஏலம் விட்டேன், அது என் தவறு. 7.80இல் நின்றது. அன்று மாலையே கடைசியாகக் கேட்டவரிடம் பேசலாம் என்றேன், அவர் கேட்கவில்லை. சந்தையில் எல்லோருக்கும் அந்த மெஷின் நின்றுபோனது தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லோரும் "அன்னைக்கே போகலையே, ஏதாவது கோளாறா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். மின்இணைப்பும் போய், ஒரு மழைக்காலமும் கடந்து, கைடுவேயில் துரு ஏறிய பிறகு ஏழாவது மாதம் 5.10க்குப் போனது.

இன்னொரு இடத்தில் உங்களுடையது போலவே ஒரு கியர் ஹாபிங் மெஷின். லேத்துகளுக்கு நல்ல கூட்டம் வந்திருந்ததால் ஹாபிங்குக்கும் அதே கூட்டம் போட்டியிடும் என்று ரிசர்வ் இல்லாமல் விட்டோம். லேத் வாங்க வந்தவருக்கு ஹாபிங் எதற்கு? இரண்டே பேர் கேட்டார்கள். அந்த இருவரும் கூட்டாளிகள் என்று பிறகுதான் தெரிந்தது. இரும்புக் கடை விலைக்குச் சற்று மேலே போய்விட்டது. அதோடு, அந்த மெஷினின் சேஞ்ச் கியர் பெட்டி வேறொரு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அந்தக் கியர்கள் இல்லாமல் வேண்டிய பல் எண்ணிக்கைக்கு மெஷினை அமைக்க முடியாது. பெட்டியைப் பக்கத்தில் வைத்து படம் எடுத்துப் போட்டிருந்தால், உண்மையில் கியர் வெட்டும் பட்டறைக்காரர் ஒருவராவது வந்திருப்பார்.

இந்த இரண்டும் கற்றுக்கொடுத்ததை வைத்து உங்கள் மெஷின்களை இரண்டாகப் பிரிக்கிறேன். லேத், மில்லிங், ரேடியல் டிரில் மூன்றும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை. விலை தெரிந்த, உபயோகம் தெரிந்த ஆட்கள் நிறைய. இவற்றுக்கு "ரிசர்வ் இல்லை" என்று வெளிப்படையாகவே அறிவிக்கச் சொல்வேன். தொடக்க விலையாக எடைக்குப் போட்டால் வருவதை வையுங்கள். லேத் 2 டன் என்று கேட்லாக்கில் இருந்து, இரும்புக் கடையில் கிலோ 30 ரூபாய் என்று சொன்னால், 60,000இல் தொடங்கட்டும். அப்பாவுக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் வயிறு கலங்கும். ஆனால் லேத்துக்கு 1.40 லட்சம் தருகிறேன் என்று டீலர் எழுதிக் கொடுத்தால், அவரே ஏலத்திலும் இருப்பார். அவரைப் போல இன்னும் நான்கு பேர் இருப்பார்கள். 60,000 என்பது அவர்களை உள்ளே வரவைக்கும் எண், அந்த விலையில் யாரும் எடுத்துப்போக மற்றவர்கள் விடமாட்டார்கள். அப்படி உள்ளே வந்தவர்கள்தான் பக்கத்தில் நிற்கும் விஎம்சியையும் சுற்றிப் பார்ப்பார்கள். ஒரு பாதுகாப்பு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: முன்பணம் கட்டியவர்கள் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால், ஏலம் தொடங்கும் முன்பே அந்த மெஷினை விலக்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்று நிபந்தனைகளில் எழுதச் சொல்லுங்கள்.

விஎம்சியும் ஹாபிங்கும் வேறு ரகம். வாங்குபவர்கள் கொஞ்சம் பேர், அவர்களுக்குள் பழக்கமும் இருக்கும். இவை இரண்டுக்கு மட்டும் ரிசர்வ் வையுங்கள். ஹாபிங்குக்கும் மேலே போட்ட அதே கணக்குதான். டீலர் எழுதிக் கொடுத்தது, காத்திருந்தால் கிடைப்பது இரண்டில் பெரியதை எடுத்து, கமிஷனுக்காக 0.95ஆல் வகுக்க வேண்டும். அப்புறம் கியர் வெட்டும் பட்டறைகளுக்கு நீங்களே போன் செய்து சொல்ல வேண்டும். அந்த மெஷினுக்கு ஏலக்காரரின் வாட்ஸ்அப் குழு போதாது.

ரிசர்வை வெளியே சொல்வதா, மறைப்பதா? வங்கிகள் நடத்தும் ஏலங்களில் ரிசர்வ் விலையை அறிவிப்பிலேயே போட்டு அதிலிருந்துதான் தொடங்குவார்கள். பழகிய டீலர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். முதல் ஏலத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அடுத்த ஏலத்தில் விலையைக் குறைப்பார்கள் என்று தெரியும். உங்கள் விஎம்சிக்கு 5 லட்சம் என்று வெளியே போட்டால் அதே காத்திருப்பு இங்கேயும் தொடங்கிவிடும். ஆகவே "ரிசர்வுக்கு உட்பட்டது" என்று மட்டும் அறிவித்துவிட்டு, எண்ணை ஏலக்காரரிடம் எழுத்தில் கொடுங்கள். தொடக்க விலை 3 லட்சம் இருக்கட்டும், பத்தாயிரம் பத்தாயிரமாக ஏறட்டும். கேட்பு ரிசர்வைத் தொட்டதும் "ரிசர்வ் எட்டியது" என்று திரையில் காட்டும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வரி வந்ததும், இனி இது நிச்சயம் யாருக்கோ போகப்போகிறது என்று தெரிந்து மற்றவர்களும் விழித்துக்கொள்வார்கள். எண்ணை அந்த டீலரிடமும் சொல்லாதீர்கள், சொந்தக்காரர்களிடமும் சொல்லாதீர்கள்.

சொந்தக்காரர் என்றதும் நினைவுக்கு வருகிறது, மைத்துனரை விட்டு விலையை ஏற்றிக் கேட்கச் சொல்லும் யோசனை யாருக்காவது வரலாம். கூடவே கூடாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ரிசர்வுக்கு உட்பட்ட விற்பனை என்று அறிவித்து நடத்தலாம். விற்பவர் தானும் கேட்கும் உரிமையை வெளிப்படையாக ஒதுக்கிக்கொண்டால் மட்டுமே அவரோ அவர் சார்பில் ஒருவரோ கேட்கலாம். விலையை ஏற்றுவதற்காகப் போலியாகக் கேட்கவைத்தால், வாங்கியவர் அந்த விற்பனையையே ரத்து செய்துகொள்ள முடியும். மலிவாகப் போகாமல் தடுக்க உங்களுக்கு ரிசர்வ் என்ற நேர்மையான வழி இருக்கும்போது இந்த ஆபத்து தேவையே இல்லை.

இனி அந்த 5 லட்சத்தைத் தாண்டி விலை ஏறுவதற்கு என்ன செய்யலாம் என்பது. விஎம்சி வாங்க வருபவர் தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார். ஸ்பிண்டில் பேரிங் போயிருந்தால்? பால் ஸ்க்ரூவில் பேக்லாஷ் இருந்தால்? கன்ட்ரோல் ஆன் ஆகாவிட்டால்? ஒவ்வொன்றும் அவர் மனதில் பெரிய செலவு. அதைக் குறைக்க ஒரே வழி ஓட்டிக் காட்டுவது. ஸ்பிண்டிலில் டெஸ்ட் மேன்ட்ரல் மாட்டி டயல் கேஜ் வைத்து ரன்அவுட் காட்டுங்கள். மூன்று அச்சிலும் முன்னும் பின்னும் நகர்த்தி பேக்லாஷ் காட்டுங்கள். ஸ்பிண்டிலை அரை மணி நேரம் வேகமாக ஓட்டி, சத்தமும் சூடும் எப்படி இருக்கிறது என்று அவர்களே தொட்டுப் பார்க்கட்டும். டூல் சேஞ்சர் எல்லா டூலையும் ஒரு சுற்று மாற்றட்டும். இதையெல்லாம் ஒரே வீடியோவாக எடுத்து வைத்தால் ஓசூரில் இருந்தும் ராஜ்கோட்டில் இருந்தும் கேட்க ஆள் வரும். அந்த கூடுதல் ஒரு போட்டியாளர் அப்படித்தான் கிடைப்பார். குறை இருந்தால் குறையையும் காட்டிவிடுங்கள். அளந்து காட்டிய சிறு பேக்லாஷுக்குக் கழிப்பதைவிட, தெரியாத பேக்லாஷுக்கு அவர்கள் அதிகம் கழிப்பார்கள்.

கன்ட்ரோல் ஃபானுக் கம்பெனியுடையது என்றால் பேட்டரியைக் கவனியுங்கள். மெஷின் அணைந்து கிடக்கும்போது பாராமீட்டர்களைக் காப்பாற்றுவது ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. அப்சொல்யூட் என்கோடர் உள்ள மெஷினில் அச்சுகளின் இருப்பிடத்தைக் காப்பாற்ற இன்னொரு பேட்டரி தனியாக இருக்கும். வேலை நின்ற பட்டறையில் மாதக்கணக்கில் அணைத்துப் போட்டு, பேட்டரியும் தீர்ந்துபோனால், பார்வையிட வருகிறவர் முன்னால் திரை முழுக்க அலாரம்தான் வரும். அந்தக் காட்சி ஒன்றே விலையைப் பெரிதும் கீழே இழுத்துவிடும். சர்வீஸ் ஆளை ஒருநாள் கூப்பிட்டு, மெஷின் ஆன் ஆகியிருக்கும்போதே பேட்டரிகளை மாற்றச் சொல்லி, பாராமீட்டர்களை மெமரி கார்டில் நகல் எடுத்து மெஷினோடு கொடுத்துவிடுங்கள்.

எடுத்துச் செல்லும் செலவையும் வாங்குபவர் தன் கேட்பில் இருந்து கழித்துக்கொள்வார். ஹைட்ரா உள்ளே வருமா, கதவு உயரம் போதுமா, எத்தனை நாளில் தூக்க வேண்டும் என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிட்டால் அவர் கழிப்பது உண்மையான தொகையாக இருக்கும். வரியிலும் அதே தெளிவு வேண்டும். ரிசர்வும் கேட்பும் ஜிஎஸ்டி நீங்கலாக என்று எழுதுங்கள். இந்த மெஷின்களுக்கு 18 சதவீத வரி தனியாகச் சேரும். பதிவு உள்ள பட்டறைக்காரர் அதைப் பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்வார், பதிவு இல்லாதவருக்கு அது சுத்தச் செலவு, அதனால் குறைத்தே கேட்பார். 2017 ஜூலைக்குப் பிறகு வாங்கி உள்ளீட்டு வரி எடுத்த மெஷின் ஏதாவது இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அதை ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். எந்த மெஷின் மீதாவது வங்கிக் கடன் பாக்கி இருந்தால், வங்கியின் சம்மதக் கடிதம் கையில் வந்த பிறகே ஏல அறிவிப்பு.

பார்வையிடும் நாட்கள் முடிந்ததும் ஏலத்துக்கு முந்திய இரவு ரிசர்வை ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஆள் நிறைய வந்தார்கள் என்பதற்காக ஏற்ற வேண்டாம். ஆள் நிறைய இருந்தால் அவர்களே ஏற்றிவிடுவார்கள், உங்கள் அடிமட்டம் அப்படியேதான் இருக்கிறது. ஆள் குறைவு என்று பயந்து இறக்கவும் வேண்டாம், குறைவாக இருக்கும்போதுதான் ரிசர்வுக்கு வேலையே. அடிமட்டத்தை மாற்றக்கூடிய செய்தி வந்தால் மட்டும் மாற்றுங்கள். உதாரணமாக, டீலர் எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்கிவிட்டார் என்றால் உங்கள் இரண்டாவது வழியான 4.58தான் அடிமட்டம், அதை 0.95ஆல் வகுத்தால் 4.82. அல்லது பார்வையிட்டவர்களில் மூன்று பேர் தனித்தனியாக ஸ்பிண்டில் சத்தத்தைச் சொன்னார்கள் என்றால், பிறகு 6 லட்சம் கிடைக்கும் என்ற உங்கள் அனுமானமே தப்பு, அந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

ஏலம் 4.70இல் நின்றுவிட்டது என்று வையுங்கள். உடனே "போகவில்லை" என்று மூடிவிடாமல், "விற்பவர் ஒப்புதலுக்கு உட்பட்டு" 48 மணி நேரம் நிறுத்திவைக்கும் விதி இருக்கட்டும். இதை நிபந்தனைகளில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். அன்று மாலையே, ஏலக்காரர் மூலமாக, அந்த 4.70 கேட்டவரிடம் பேசுங்கள். 4.70இல் கமிஷன் போனால் உங்கள் கைக்கு 4.46 லட்சம் சொச்சம், டீலரின் 4.60ஐவிட 13,500 ரூபாய் குறைவு. அவர் 4.85க்கு வந்தால் கொடுத்துவிடலாம், 5 லட்சம் என்று நீங்கள் ஏற்றி வைத்த அந்தச் சின்ன ஏற்றத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். வரவில்லை என்றால் டீலரின் கடிதத்தில் உள்ள தேதி முடிவதற்குள் அவருக்குக் கொடுங்கள். அப்பாவிடம் ஏலத்துக்கு முன்பே இந்த இரண்டு எண்களையும் காட்டி, எந்த எண்ணில் என்ன செய்யப்போகிறோம் என்று பேசி, ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். அந்த மாலையில் 26 வருடப் பட்டறையின் மெஷின் திரையில் நின்றுகொண்டிருக்கும்போது உட்கார்ந்து யோசிக்க அவரால் முடியாது.

நேரத்தைப் பொறுத்தவரை, மூன்று மாதத்தில் ஏலத்தை ஆறாவது வாரத்துக்குள் வைத்துவிடுங்கள். மீதி ஆறு வாரம் பணம் வரவும், மெஷின் தூக்கவும், ஏதாவது நின்றுபோனால் டீலரிடம் கொடுக்கவும் வேண்டும். அப்புறம், பட்டறை மூடியாயிற்றே என்று மின்வாரியத்தில் இணைப்பைத் துண்டிக்க இப்போதே மனு கொடுத்துவிடாதீர்கள். கடைசி மெஷின் டிரெய்லரில் ஏறும் வரை அந்த இணைப்பு இருக்கட்டும்.